பழைய வீட்டுக் கலர் கண்ணாடி, இரும்புக் கிராதி: கழற்றும் முன்னும் கழற்றிய பின்னும்

"காரைக்குடி பக்கத்தில் ஐயா கட்டிய வீடு, பங்காளிகள் எல்லோருக்கும் பொது. மேல்மாடி ஜன்னல்களில் கலர் கண்ணாடி பல விரிசல் விட்டுவிட்டது, சில இடத்தில் அட்டை வைத்து அடைத்திருக்கிறது. மாடிக் கிராதி அடியில் துருப்பிடித்து ஆடுகிறது. வெல்டர் எல்லாவற்றையும் அறுத்துவிட்டுப் புது கிரில் போடலாம் என்கிறார். பழையதையே சரிசெய்ய முடியுமா? எதில் தொடங்குவது?"

பெரும்பாலும் முடியும். ஆனால் வெல்டரை இப்போதைக்கு உள்ளே விடாதீர்கள். கிராதியை அறுக்கும்போதும் கிரைண்டர் பிடிக்கும்போதும் பறக்கிற பொறி வெறும் தீப்பொறி இல்லை, உருகிய இரும்புத் துளி. அது பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் பட்டால் அப்படியே உருகிப் பதிந்துவிடும். முதலில் தெரியாது. ஒரு மழைக்காலம் போனதும் கண்ணாடி முழுக்கப் பழுப்புப் புள்ளியாகத் துருத் தெரியும், அதைச் சுரண்டினால் குழி விழும். நல்லபடியாக இருந்த கண்ணாடிகூட இப்படி ரிப்பேர் சமயத்தில்தான் கெட்டுப்போகிறது. அதனால் வரிசை இதுதான்: பதிவு, பிறகு கண்ணாடியைக் கழற்றுவது, பிறகு இரும்பு வேலை, அதன்பின் மரச் சட்டம், கடைசியில் கண்ணாடியைத் திரும்பப் பொருத்துவது.

பதிவு என்றதும் நாலு போட்டோ எடுத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். போட்டோ எடுத்த ஆறு மாதம் கழித்து, "இது கிழக்குப் பத்தி ஜன்னலா, மேற்கா?" என்று நிற்பவர்கள்தான் அதிகம். முதலில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு பெயர் வையுங்கள். மேல்மாடி கிழக்குச் சுவரில் வடக்கிலிருந்து இரண்டாவது என்றால் மே-கி-2. அதற்குள் கண்ணாடிகளுக்கு எண், எப்போதும் அறைக்குள் நின்று பார்த்து இடமிருந்து வலமாக, மேல் வரிசையிலிருந்து கீழே. உள்ளே நின்றா வெளியே நின்றா என்பதை முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள், இதில் குழம்பினால் எல்லாமே இடம் வலமாகிவிடும்.

போட்டோ ஒவ்வொரு ஜன்னலுக்கும் இரண்டு வகை வேண்டும். ஒன்று உள்ளே விளக்கை அணைத்துவிட்டு, வெளி வெளிச்சம் கண்ணாடி வழியாக வரும்போது. இதில்தான் நிறமும், கண்ணாடிக்குள் இருக்கும் காற்றுக் குமிழும் தெரியும். இரண்டாவது வெளியிலிருந்து, மேல்பரப்பில் விழும் வெளிச்சத்தில். இதில் விரிசல், கீறல், பெயிண்ட் ஒட்டல் தெரியும். முதல் வகைக்கு ஜன்னலின் வெளிப்பக்கம் ஒரு வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பின்னால் இருக்கிற மரமும் எதிர்வீட்டுச் சுவரும் நிறத்தோடு கலந்துவிடும். போன் கேமராவில் ஒயிட் பேலன்ஸ் தானாக மாறிக்கொண்டே இருக்கும், சிவப்புக் கண்ணாடியைப் பார்த்ததும் அது நிறத்தைத் தணிக்கப் பார்க்கும். அதை டேலைட்டில் நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், காலை 9 மணியிலிருந்து 11 மணிக்குள் எடுங்கள். ஒரு ஸ்கேலும் ஒரு வெள்ளைக் காகிதமும் படத்தின் ஓரத்தில் இருக்கட்டும்.

அடுத்தது ஒவ்வொரு கண்ணாடியைப் பற்றியும் ஒரு வரி எழுதுவது. நீளம், அகலம், எந்தப் பக்கம் சொரசொரப்பு, எது வெளியே பார்க்கிறது, விரிசல் எங்கே தொடங்குகிறது. பூ வேலைப்பாடு உருட்டிய கண்ணாடி என்றால் மேலே மெல்லிய தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு அச்சு எடுத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதே டிசைன் தேடும்போது போட்டோவைவிட இது உதவும். வழவழப்பான கண்ணாடியைச் சாய்ந்த கோணத்தில் பாருங்கள். எதிரே இருக்கும் தூணின் நேர்க்கோடு அதில் நெளிந்து தெரிந்தால் பழைய முறையில் ஊதியோ இழுத்தோ செய்த கண்ணாடி. ஒரு நெளிவும் இல்லாமல் நேராக இருந்தால் பெரும்பாலும் பின்னாளில் மாற்றியது. உருகிய தகரத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்யும் ஃப்ளோட் கண்ணாடியை 1959இல்தான் பில்கிங்டன் கம்பெனி அறிவித்தது, அதனால் அது இருக்கும் இடமெல்லாம் அதற்குப் பிந்தைய மாற்றம் என்று தைரியமாக எழுதலாம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கம் எல்லாக் கலர் கண்ணாடியும் பெல்ஜியம், எல்லா இரும்பும் பர்மிங்ஹாம் என்று சொல்லிவிடுகிறோம். பல வீடுகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஆதாரம் இல்லாமல் பதிவில் எழுதாதீர்கள். வார்ப்பிரும்புத் துண்டுகளின் பின்பக்கத்தையும் அடிப்பாகத்தையும் துடைத்துப் பார்த்தால் சில சமயம் பெயரும் எண்ணும் வார்த்திருக்கும். கிளாஸ்கோ நகரத்து வால்டர் மெக்ஃபர்லேன் கம்பெனியின் சாரசன் வார்ப்பாலை தன் சரக்கில் இப்படி அடையாளம் போட்டு இந்தியாவுக்கு ஏராளமாக அனுப்பியது. உருட்டு எஃகில் இங்கிலாந்துக் கம்பெனியான டார்மன் லாங் என்றோ டாட்டா என்றோ எழுத்து புடைத்திருப்பதும் உண்டு. ஜாம்ஷெட்பூரில் முதல் எஃகு வந்ததே 1912இல்தான், அதனால் டாட்டா என்று இருந்தால் அந்தப் பகுதி அதற்கு முன் வந்திருக்க முடியாது. வீட்டில் பழைய சிட்டை, கணக்கு நோட்டு, பில் ஏதாவது இருந்தால் அதையும் படம் எடுத்துப் பதிவோடு சேருங்கள்.

கிராதிக்குப் பதிவு வேறு மாதிரி. அதில் ஒரே டிசைன் திரும்பத் திரும்ப வரும். இரண்டு தூணுக்கு நடுவில் உள்ள ஒரு கட்டத்தை, நன்றாக இருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பின்னால் பிரவுன் தாள் விரித்துச் சாக்பீசால் அப்படியே உண்மை அளவில் வரைந்துகொள்ளுங்கள். சுருள் வேலை கை வேலை என்றால் ஒன்றுக்கொன்று அச்சு அசல் ஒத்துவராது, அதையும் குறியுங்கள். மற்றக் கட்டங்களுக்கு எண் போட்டு, எதில் எது உடைந்தது, எது காணோம் என்று எழுதினால் போதும். அப்புறம் வெர்னியர் காலிப்பர் ஒன்று வாங்கி, ஒவ்வொரு கம்பியையும் மேலே நல்ல இடத்தில் ஒரு அளவு, அடியில் மிக மெலிந்த இடத்தில் ஒரு அளவு எடுங்கள். எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்பதை இந்த இரண்டு எண்கள்தான் சொல்லும். பங்காளிகளிடம் பேசும்போதும் இந்தத் தாள் மிக உதவும். "எல்லாம் போச்சு" என்று ஒருவரும் "ஒண்ணும் ஆகல" என்று இன்னொருவரும் வாதாடாமல், இன்ன கட்டத்தில் இன்ன கம்பி என்று பேச முடியும்.

வெல்டரிடம் பேசுமுன் அது என்ன உலோகம் என்று தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் ஒன்றுக்குச் சரியான வேலை இன்னொன்றைக் கெடுத்துவிடும். வார்ப்பிரும்பில் ஓரங்களில் அச்சு சேர்ந்த மெல்லிய கோடு இருக்கும், பூக்களும் முகப்புகளும் ஒன்றுபோல் இருக்கும், உடைந்த இடம் சாம்பல் நிறத்தில் மணல்மணலாகத் தெரியும், வளையாது, முறியும். பழைய தேனிரும்பு, அதாவது உலையில் அடித்துச் செய்த இரும்பு, நார்நாராக இருக்கும். துரு ஏறினால் காய்ந்த மரப்பட்டை உரிவதுபோல் அடுக்கடுக்காகப் பிரியும். அதற்குள் கசடு நார் ஓடுவதுதான் காரணம். மைல்டு ஸ்டீல் என்றால் அடுக்கு பிரியாது, துரு பரவலாகவும் குழிகுழியாகவும் இருக்கும். பல வீடுகளில் மூன்றும் ஒரே கிராதியில் கலந்திருக்கும். பட்டையும் கம்பியும் ஸ்டீல், நடுவில் பூ வார்ப்பிரும்பு, பழைய சுருள் தேனிரும்பு என்று.

இனி, ஏன் அடியில் மட்டும் ஆடுகிறது? உங்கள் வீட்டை நான் பார்க்கவில்லை, ஆனால் தேவகோட்டைப் பக்கம் பார்த்த ஒரு வீட்டின் கதையைச் சொல்கிறேன், உங்களுடையதும் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே மாடித் தாழ்வாரத்தின் கிராதி, கீழ்ப்பட்டை முதலில் தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் நின்றிருக்கிறது. கால்கள் மட்டும் தரைக்குள் போகும், குழியில் ஈயம் உருக்கி ஊற்றியிருந்தார்கள். பின்னாளில் மழை ஒழுகுகிறது என்று பழைய தளத்தின் மேலேயே சிமெண்ட் தளம் போட்டார்கள். தரை உயர்ந்தது, கீழ்ப்பட்டை சிமெண்டுக்குள் புதைந்தது. இரும்புக்கும் சிமெண்டுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளியில் தண்ணீர் இறங்கி, வெயிலிலும் காயாமல் நின்றது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும், அதனால் சிமெண்டைப் பிளந்தது. பிளந்ததைப் பார்த்து மறுபடி சிமெண்ட் பூசினார்கள். 12 மில்லிமீட்டர் சதுரக் கம்பி மேலே முழு அளவில் இருக்க, அடியில் 7 மில்லிமீட்டர்தான் மிஞ்சியிருந்தது. தரைக்கு மேலே ஒரு சாண் உயரத்திலிருந்து கைப்பிடி வரை ஒரு குறையும் இல்லை. அந்த வீட்டிலும் முழுவதையும் அறுத்துப்போடச் சொல்லித்தான் யோசனை வந்தது.

அங்கே செய்தது இது. கிராதிக்கு இரண்டு பக்கமும் மரம் கட்டித் தாங்கிவிட்டு, அதைச் சுற்றி உள்ள சிமெண்டை மட்டும் சின்ன உளியால் எடுத்தார்கள். பிரேக்கர் மெஷின் வைக்கவில்லை, அந்த அதிர்வில் பழைய சுண்ணாம்புக் காரை மொத்தமாகப் பெயர்ந்துவிடும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மெலிந்த கால்களை மட்டும் நல்ல இரும்பு வரும் இடம் வரை அறுத்து, அதே 12 மில்லிமீட்டர் சதுரத்தில் புதுத் துண்டு வைத்தார்கள். இரண்டு முனையையும் நேராக வெட்டி மேலோட்டமாக ஒட்டினால் பழைய இரும்பில் நிற்காது. வெல்டு மேல் அடுக்கைத்தான் பிடிக்கும், உள் அடுக்கு பிரிந்து வந்துவிடும். அதனால் சாய்வாகச் சீவி, நாலு பக்கமும் ஆழமாக வி வடிவில் பள்ளம் எடுத்து, நடு வரை வெல்டு போய்ச் சேரும்படி நிரப்ப வேண்டும். வெல்டிங் ராடு 7018 ரகம், ஈரமில்லாமல் காய வைத்த ராடு. ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதற்கு முன்பே இறங்கிவிட்டது. கழற்ற முடியாத கதவுகளுக்கு மேல் ஈரச் சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள், தேக்குக்கும் பொறி ஆகாது. கடைசியில் தளத்தைக் கிராதியிலிருந்து வெளியே சரியும்படி மாற்றி, கீழ்ப்பட்டை மறுபடி தரையை விட்டு எழும்பி நிற்கும்படி செய்தார்கள். அது நடக்காமல் மற்ற எதைச் செய்திருந்தாலும் சில வருடத்தில் அதே இடம் மறுபடி போயிருக்கும்.

வார்ப்பிரும்புப் பூ உடைந்திருந்தால் சாதாரண ராடால் வெல்டு போட விடாதீர்கள். அப்போதைக்கு ஒட்டும், ஆறும்போது பக்கத்திலேயே புதிதாக விரியும். பாரம் தாங்காத பூ என்றால் பின்பக்கம் ஒரு மெல்லிய தகடு வைத்துத் திருகாணியால் சேர்ப்பது நல்ல வழி, திரும்பக் கழற்றவும் முடியும். காணாமல் போன பூக்களைப் புதிதாக வார்க்கலாம், கோயம்புத்தூரில் வார்ப்பாலைகளுக்குக் குறைவில்லை. ஆனால் இருக்கும் பழைய பூவையே அச்சாக மணலில் அழுத்தி வார்த்தால், உருகிய இரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று அளவில் சுருங்கும். 30 சென்டிமீட்டர் துண்டு 3 மில்லிமீட்டர் குறைந்து வரும், திருகாணி ஓட்டை இடம் சேராது. மர அச்சைச் செய்யும்போதே அந்த ஒரு பங்கைக் கூட்டச் சொல்லுங்கள்.

துருவை எடுக்க ஆசிட் ஊற்றுகிறேன் என்பார்கள். வேண்டவே வேண்டாம். பட்டைகள் சேரும் இடத்திலும் தேனிரும்பின் அடுக்குகளுக்குள்ளும் அது போய் உட்கார்ந்துகொண்டு, பெயிண்டுக்கு அடியில் வேலையைத் தொடரும். கம்பி பிரஷ், சுரண்டி, தேவைப்பட்ட இடத்தில் எமரித் தாள், இவை போதும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு நிறைய, அதனால் உலரத் தேய்க்காமல் நனைத்துத் தேய்த்து, உடனே துடைத்து உலர்த்துங்கள், மாஸ்க் கட்டுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். தேய்க்கும் முன் ஒதுக்குப்புறமான ஒரு இடத்தில் ரூபாய் நாணயம் அகலத்துக்கு மட்டும் பெயிண்டை அடுக்கடுக்காக மெல்லத் தேய்த்து எடுத்து, வளையம் வளையமாகத் தெரியும் நிறங்களைப் படம் எடுத்துவிடுங்கள். இப்போது வெள்ளியாகவோ கறுப்பாகவோ இருக்கும் கிராதிக்கு அடியில் பச்சையோ சிவப்போ இருந்தால் அதுதான் பழைய நிறத்துக்கான சாட்சி, சுரண்டிவிட்டால் திரும்பி வராது.

சுத்தமான இரும்பை இரவு முழுக்க விடக்கூடாது. அன்று சுரண்டியதற்கு அன்றே முதல் பிரைமர். நம் பக்கம் காலைப் பனியில் மெல்லிய துரு வந்துவிடும். ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் இரண்டு கோட், அதற்கு நடுவில் ஓரங்கள், ரிவெட் தலைகள், இணைப்புகள் இவற்றுக்கு மட்டும் பிரஷ்ஷால் ஒரு கூடுதல் கோட், ஏனென்றால் கூரான ஓரங்களில்தான் பெயிண்ட் மெலிந்து நிற்கும். மேலே எனாமல் இரண்டு கோட். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடங்காதீர்கள், தையிலிருந்து பங்குனிக்குள் முடிப்பது நல்லது. கை வைக்க முடியாத அளவு சூடான இரும்பில் பெயிண்ட் அடித்தால் கொப்பளிக்கும், அதனால் வெயில் ஏறுமுன் நிறுத்திவிட வேண்டும்.

இப்போது கண்ணாடிக்கு வருகிறேன். நம் வீடுகளில் பெரும்பாலும் கண்ணாடியைத் தேக்கு பீடிங்கும் சின்ன ஆணியும் பிடித்திருக்கும், சில இடத்தில் புட்டி. பீடிங்கை முனையிலிருந்து நெம்பினால் அந்தப் பக்கம் கண்ணாடி மூலை உடையும். முதலில் பெயிண்ட் கோட்டைப் பிளேடால் அறுத்துவிட்டு, நீளமான பீடிங்கின் நடுவில் மெல்லிய உளியை நுழைத்து வில்லாக வளைத்து எடுங்கள். எடுத்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் எண் எழுதுங்கள், அவை வெவ்வேறு நீளம். புட்டி கல்லாகியிருந்தால் ஹீட் கன் வைக்காதீர்கள், ஒரு பக்கம் சூடேறிக் கண்ணாடி வெடிக்கும். துணிக்குக் காட்டும் ஸ்டீமரால் சற்றுச் சற்றாக இளக்கிக் கத்தியால் எடுக்கலாம். பொறுமை வேண்டும், வேறு வழியில்லை.

கழற்றியதும் ஓரத்தைப் பாருங்கள். சிவப்புக் கண்ணாடி பலவற்றில் உடல் முழுக்கச் சிவப்பு இருக்காது, வெள்ளைக் கண்ணாடி மேல் ஒரு மெல்லிய சிவப்புப் படலம்தான், ஓரத்தில் நூலாகத் தெரியும். அந்தப் பக்கத்தை எமரியோ ஸ்டீல் ஊலோ வைத்துத் தேய்த்தால் நிறம் போய்விடும். கழுவ, காய்ச்சி வடித்த தண்ணீரும் பஞ்சும் போதும், பிடிவாதமான அழுக்குக்கு ஒரு சொட்டு மென்மையான சோப்பு. மேலே கையால் வரைந்த படம் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம், தூசி மட்டும் மென்மையான பிரஷ்ஷால்.

விரிந்த கண்ணாடி எல்லாவற்றையும் மாற்றத் தேவையில்லை. உயரத்தில், கை படாத இடத்தில், ஒரே விரிசலோடு துண்டுகள் இறுக்கமாக நின்றால் அப்படியே விட்டுவிடுவேன். கையெட்டும் இடத்தில் இரண்டு மூன்று துண்டானது என்றால், அசிட்டோனால் ஓரத்தைத் துடைத்துத் துண்டுகளைச் சேர்த்து டேப்பால் பிடித்து, கண்ணாடிக்கென்றே வரும் நீர்த்த எபாக்சியை விரிசலில் ஒரு சொட்டு வைத்தால் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். அரால்டைட் 2020 அந்த வகை, எடையில் 100க்கு 30 கலவை, கடைகளில் ட்யூபில் வரும் சாதாரண அரால்டைட் தடித்தது, உள்ளே போகாது. எந்த எபாக்சியும் வெயிலில் நாளடைவில் மஞ்சளாகும், அதனால் நேர் வெயில் படும் மேற்கு ஜன்னலில் சிவப்பு, பச்சையில் செய்யலாம், வெளிர் நிறத்தில் கோடு தெரியும்.

முழுக்கப் போனவற்றுக்கு முதலில் வீட்டுக்குள்ளேயே தேடுங்கள். பின்கட்டு ஸ்டோர் ரூம் ஜன்னலில் அதே நீலம் இருக்கும். அதை எடுத்து முகப்புக்கு வைத்து, பின்கட்டுக்குப் புதிது போடுவது எனக்குச் சம்மதமே, எங்கிருந்து எங்கே போனது என்று பதிவில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் இடித்த வீட்டுக் கண்ணாடி கிடைக்கும், நிறமும் நெளிவும் சேரும். ஆனாலும் ஒன்றிரண்டு கண்ணாடிக்காக ஒரு முழு ஜன்னலை உடைத்துத் தரச் சொல்வதில் எனக்கு மனம் ஒப்பவில்லை, தனியாகக் கிடந்தால் வாங்கலாம். புதுக் கலர் கண்ணாடி வாங்குவதானால் மாதிரியைக் கடை ட்யூப் லைட்டில் பார்த்து முடிவு செய்யாமல், உங்கள் ஜன்னலிலேயே பக்கத்துக் கண்ணாடியோடு பிடித்து வானத்துக்கு எதிரே பாருங்கள். மாற்றிய ஒவ்வொன்றிலும், பீடிங் மறைக்கும் மூலையில், வைரக் கட்டரால் வருடத்தைக் கீறிவிடுங்கள்.

பொருத்தும்போது சிலிக்கான் வேண்டாம். அது கண்ணாடியை விடாது, அடுத்த முறை எடுக்க உடைத்தால்தான் முடியும். சாக் பவுடர் ஒரு கிலோவுக்கு ஆளிவிதை எண்ணெய் 150 முதல் 180 மில்லி வரை, கையில் ஒட்டாத சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்தால் பழைய புட்டி அதுதான். சுண்ணாம்புப் பொடி அல்ல, சாக் பவுடர், இதில் கடைக்காரரிடம் தெளிவாகக் கேளுங்கள். புட்டி வைக்கும் முன் காய்ந்த மரத்தில் அதே எண்ணெயை ஒரு கை தேயுங்கள், இல்லாவிட்டால் மரம் புட்டியிலுள்ள எண்ணெயை உறிஞ்சி அது பொடிப்பொடியாக உதிரும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊற வையுங்கள். கண்ணாடியைச் சட்டத்தைவிட ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை முதல் 2 மில்லிமீட்டர் சிறிதாக வெட்ட வேண்டும், தேக்கு மழையில் உப்பும்போது கண்ணாடி இடுக்கில் மாட்டாமல் இருக்க. மெல்லிய புட்டிப் படுக்கை, மேலே கண்ணாடி, ஓரங்களை மட்டும் மெல்ல அழுத்தி, எண் பார்த்துப் பழைய பீடிங். புதிய ஆணியைப் பழைய ஓட்டையிலேயே விடுங்கள், ஆணி அடிக்கும்போது கண்ணாடி மேல் ஒரு அட்டையைப் படுக்க வைத்துச் சுத்தியலை அதன் மேல் வழுக்கவிட்டு அடித்தால் தவறிப் படாது. வெளியே தெரியும் புட்டியில் தோல் கட்ட ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதன்பிறகே பெயிண்ட். அந்தப் பெயிண்ட் கண்ணாடி மேலும் ஒரு 2 மில்லிமீட்டர் ஏறி நிற்கட்டும், தண்ணீர் புட்டிக்குள் இறங்காமல் தடுப்பது அந்த விளிம்புதான்.